இலட்சம், கோடி கமா வரவில்லையா? திருகோணமலைக் கணக்கு மேசைகளில் கேட்கப்படும் கேள்விகள்

எக்செல்லில் 12,34,567 என்று வர வேண்டிய தொகை 1,234,567 என்றே வருகிறது. கமா பொத்தானை அழுத்தினாலும் அப்படித்தான். எங்கே பிழை?

உங்கள் கையில் பிழை இல்லை. தொகையும் சரியாகத்தான் இருக்கிறது. அந்த செல்லைக் கிளிக் செய்து மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே 1234567 என்று கமாவே இல்லாமல் நிற்கும். எக்செல் சேமித்து வைத்திருப்பது அந்த எண்ணை மட்டும்தான். கமா என்பது திரையில் காட்டும் நேரத்தில் மேலே போடப்படும் அலங்காரம்.

அந்த அலங்காரத்தை எப்படிப் போடுவது என்று சொல்வதுதான் ஃபார்மட் கோட். கமா பொத்தானை அழுத்தினாலும், `Number` வகையில் ஆயிரப் பிரிப்பைத் தெரிவு செய்தாலும், செல்லுக்குக் கிடைக்கும் கோட்டின் மையம் இதுதான்:

```
#,##0.00
```

இதில் இருக்கும் கமா "மூன்று இலக்கத்துக்கு ஒன்று போடு" என்று சொல்வதில்லை. "இந்தக் கணினியில் எண்களை எப்படிப் பிரிப்பது வழக்கமோ அப்படிப் பிரி" என்றுதான் சொல்கிறது. வழக்கம் எது என்று எக்செல் விண்டோஸிடம் கேட்கும். இங்கே கடைகளிலும் சங்கங்களிலும் நான் பார்க்கும் கணினிகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஆங்கில அமைப்பிலேயே ஓடுகின்றன. அதனால் மில்லியன் பிரிப்பு வருகிறது. இந்திய அமைப்புள்ள ஒரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால், யாரும் எதையும் மாற்றாமலே 12,34,567.00 என்று தெரியும்.

சரி, நானே `##,##,##0` என்று எழுதிப் பார்த்தேன். அதற்கும் 1,234,567 தான் வருகிறது. ஏன்?

கோட்டில் கமா எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எக்செல் பார்ப்பதில்லை. இலக்கக் குறிகளுக்கு நடுவே எங்காவது ஒரு கமா இருந்தால் பிரிப்பு தேவை என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒன்று போட்டாலும் மூன்று போட்டாலும் கணினியின் வழக்கப்படியே பிரித்துவிடும். பலர் அரை நாள் மினக்கெடுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் எழுதிய கோட் பார்வைக்கு முற்றிலும் சரியாகவே தெரியும்.

இதிலிருந்து வெளியே வர இரண்டு வழி உண்டு. ஒன்று, கணினியின் வழக்கத்தை மாற்றுவது. மற்றது, எக்செல்லின் பிரிப்பை நம்பாமல் கமாவை வெறும் எழுத்தாக நாமே உரிய இடத்தில் வைப்பது.

கணினியின் வழக்கத்தை எங்கே மாற்றுவது?

விண்டோஸில் `Control Panel` திறந்து `Region` போங்கள். `Additional settings` பொத்தானை அழுத்தினால் `Numbers` என்ற பக்கம் வரும். அங்கே `Digit grouping` என்ற வரியில் `12,34,56,789` என்பதைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் `Currency` பக்கத்திலும் இதே வரி தனியாக உண்டு, அதையும் மாற்றுங்கள். பிறகு எக்செல்லை மூடித் திறந்தால் `#,##0.00` போட்ட செல்கள் எல்லாம் இலட்சப் பிரிப்பில் வரும். கழித்தல் தொகை, நூறு கோடிக்கு மேற்பட்ட தொகை எல்லாமே சரியாக வரும். ஒரே கணினியில், ஒரே ஆள் கணக்கு எழுதுகிறார் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

நாட்டு அமைப்பையே `English (India)` என்று மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நாணயக் குறி இந்திய ரூபாய்க்குப் போய்விடும், திகதி அமைப்பும் கூடவே மாறும். நமக்கு வேண்டியது அந்த ஒற்றை வரிதான்.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. மாற்றம் உங்கள் கணினியில் உங்கள் பயனர் கணக்கோடு நின்றுவிடும், கோப்புக்குள் போகாது. நீங்கள் உப்புவெளியில் இருந்து 2,03,37,750 என்று பார்த்து அனுப்பும் தாளை, கிண்ணியாவில் இருப்பவர் 20,337,750 என்று பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு தொலைபேசியில் தொகையை வாசித்துச் சரிபார்க்கும்போது இது பெரிய இடைஞ்சல். இன்னொன்று, உங்கள் கணினியில் திறக்கும் மற்றக் கோப்புகளும் இலட்சப் பிரிப்புக்கு மாறித் தெரியும், வங்கிக்கென்று மில்லியன் முறையில் தயாரித்தவை உட்பட.

கோப்போடு கூடவே போகிற கோட் இருக்கிறதா?

இருக்கிறது. பல பேர் கைமாறும் கோப்புக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்:

```
[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00
```

தொகைகள் உள்ள செல்களைத் தெரிவு செய்து `Ctrl+1` அழுத்துங்கள். `Number` பக்கத்தில் `Custom` என்பதைத் தெரிவு செய்து, `Type` பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டு இதை ஒட்டி `OK` கொடுங்கள். சதம் வேண்டாம் என்றால் மூன்று இடத்திலும் `.00` ஐ எடுத்துவிடலாம்.

இப்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் நாளை தேவைக்கேற்ப மாற்ற அது தெரிந்திருக்க வேண்டும். அரைப்புள்ளி இரண்டு இடத்தில் வருவதால் கோட் மூன்று துண்டுகளாகப் பிரிகிறது. முதல் துண்டு ஒரு கோடியும் அதற்கு மேலும். இரண்டாவது ஒரு இலட்சமும் அதற்கு மேலும். மூன்றாவது மிச்சமெல்லாம். எக்செல் இடமிருந்து பார்த்து, முதலில் பொருந்தும் துண்டை எடுத்துக்கொள்ளும். அதனால் கோடி முன்னால் வர வேண்டும். இலட்சத்தை முதலில் எழுதினால் கோடித் தொகையும் அந்தத் துண்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

`\,` என்பதுதான் முக்கியமான இடம். பின்சாய்வுக் கோடு போட்டால் அதற்கு அடுத்த எழுத்து கட்டளையாக இல்லாமல் வெறும் எழுத்தாகிவிடும். ஆகவே அந்தக் கமா நாம் வைத்த இடத்திலேயே அப்படியே அச்சாகும். இலக்கங்கள் வலப்பக்கத்தில் இருந்து `#` களை நிரப்பிக்கொண்டு வரும்: கடைசி மூன்று இலக்கம், ஒரு கமா, இரண்டு இலக்கம், இன்னொரு கமா என்று. நடுவில் பூச்சியம் வந்தாலும் கவலை இல்லை. 1200005 என்பது 12,00,005 என்றுதான் வரும்.

மூன்றாவது துண்டில் மட்டும் சாதாரண கமா இருக்கிறது. 99,999 வரை இரண்டு முறையிலும் கமா ஒரே இடத்தில்தான் விழும், அதனால் அங்கே கணினியின் வழக்கத்தை நம்பலாம். நம்பவும் வேண்டும், ஏனென்றால் வெறும் எழுத்தான கமா இலக்கம் இல்லாவிட்டாலும் அச்சாகும். துண்டுகள் இல்லாமல் `##\,##\,##0` என்று மட்டும் போட்டுவிட்டு 500 அடித்தால் `,,500` என்று வரும். இத்தனை நிபந்தனைகள் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

ஒரு மீனவர் சங்கத்தின் கொள்முதல் தாளை எடுத்துக்கொள்வோம். ஐஸ் 84500, டீசல் 638250, வலை 1275000, படகு இயந்திரங்கள் 3840000, ஆழ்கடல் படகு ஒன்று 14500000. கோட் போட்டதும் இப்படித் தெரிய வேண்டும்:

```
     84,500.00
   6,38,250.00
  12,75,000.00
  38,40,000.00
1,45,00,000.00
2,03,37,750.00
```

முதல் வரி மூன்றாவது துண்டில் இருந்து வந்தது. அடுத்த மூன்றும் இரண்டாவது துண்டு. கடைசி இரண்டும், அதாவது படகும் கூட்டுத்தொகையும், முதல் துண்டு. புதிதாகக் கோட் போடும்போது இப்படி மூன்று அளவிலும் ஒவ்வொரு தொகையை அடித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு `#` குறைந்திருந்தாலும் உடனே கண்ணில் படும்.

கமா ஒன்று கூடுவதால் ஒடுக்கமான நிரலில் தொகைக்குப் பதிலாக `#####` தெரியலாம். நிரலைச் சற்று அகலமாக்கினால் சரி.

கோட் போட்ட பிறகும் ஒரே ஒரு செல்லில் மட்டும் 100,000.00 என்று வருகிறது. மற்றதெல்லாம் ஒழுங்கு. அந்த ஒன்று ஏன்?

அந்தத் தொகை உண்மையில் ஒரு இலட்சம் இல்லை, அதற்கு மயிரிழை குறைவு. அந்த செல்லில் ஒரு பெருக்கலோ வகுத்தலோ இருக்கும் என்று நினைக்கிறேன்.

84,745.76 ரூபாய்ப் பொருளுக்கு 18 வீதம் வற் வரி சேர்த்துப் பாருங்கள். விடை 99,999.9968. எந்தத் துண்டு என்று முடிவு செய்யும்போது எக்செல் இந்த முழு எண்ணைப் பார்க்கிறது. இலட்சத்தை விடக் குறைவு என்பதால் மூன்றாவது துண்டுக்கு அனுப்புகிறது. அதன் பிறகுதான் இரண்டு தசமத்துக்குச் சுருக்குகிறது. சுருக்கியதும் ஒரு இலட்சமாகிவிடுகிறது, ஆனால் கமா போடுவது மூன்றாவது துண்டின் சாதாரண கமா. அதனால் 100,000.00. கோடி எல்லையிலும் இதே கதை நடக்கும், அங்கே 100,00,000.00 என்று ஒரு விசித்திரமான உருவம் வரும்.

காசுத் தொகையாக இருந்தால் கணக்கிலேயே சுருக்கிவிடுவதுதான் நல்லது:

```
=ROUND(B2*1.18,2)
```

இப்போது செல்லில் இருப்பதே 100000 என்பதால் 1,00,000.00 என்று வரும். கூட்டுத்தொகை ஒரு சதம் இடிக்கிற தொல்லையும் இதனால் குறையும், ஆகவே எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ஃபார்முலாவைத் தொட முடியாத தாள் என்றால் கோட்டில் எல்லைகளை `[>=9999999.995]` என்றும் `[>=99999.995]` என்றும் மாற்றுங்கள்.

நட்டம் வந்த மாதங்களில் -1,234,567 என்று பழையபடி வருகிறதே, அண்ணை?

ஆமாம், இந்தக் கோட்டின் பெரிய குறை இதுதான். கழித்தல் தொகை எதுவாக இருந்தாலும் ஒரு இலட்சத்தை விடக் குறைவுதானே. அதனால் எல்லாமே மூன்றாவது துண்டுக்குப் போய்விடும். ஒரு கோட்டில் நிபந்தனை போடக்கூடிய துண்டுகள் இரண்டுதான், மூன்றாவது மிச்சத்துக்கு. அந்த இரண்டையும் கோடிக்கும் இலட்சத்துக்கும் செலவழித்துவிட்டோம். கழித்தலுக்கு இடம் மிச்சமில்லை.

எக்செல்லில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முன்னே சொன்ன கோட் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் `Conditional Formatting` ஐப் போடுங்கள். பலர் அதை நிறம் மாற்ற மட்டும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது எண்ணின் ஃபார்மட்டையும் மாற்றும்.

செல்களைத் தெரிவு செய்து `Home` பட்டையில் `Conditional Formatting`, பிறகு `New Rule`. `Format only cells that contain` என்பதை எடுத்து, `Cell Value`, `less than or equal to` என்று வைத்து, -100000 என்று அடியுங்கள். `Format` பொத்தானை அழுத்தி `Number`, `Custom` போய் இந்தக் கோட்டைக் கொடுங்கள்:

```
##\,##\,##0.00
```

அதே மாதிரி இரண்டாவது விதி ஒன்று. எல்லை -10000000, கோட் இது:

```
##\,##\,##\,##0.00
```

இரண்டிலும் ஒரே துண்டு மட்டும் இருப்பதால் கழித்தல் குறியை எக்செல் தானாகவே முன்னால் போட்டுவிடும், நீங்கள் எழுதத் தேவையில்லை. வரிசை மட்டும் கவனம். `Manage Rules` திறந்தால் கோடி விதி மேலேயும் இலட்ச விதி கீழேயும் இருக்க வேண்டும். மாறி இருந்தால் -2 கோடிக்கும் இலட்ச விதியே முந்திக்கொண்டு -200,00,000.00 என்று காட்டும். அப்படி ஒன்றைக் கண்டால் வரிசையைத்தான் முதலில் பாருங்கள்.

ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கழித்தல் தொகைக்கு விதி தேவையில்லை. -45,000.00 என்று மூன்றாவது துண்டே சரியாகக் காட்டிவிடும்.

நூறு கோடிக்கு மேல் போனால் இந்தக் கோட் தாங்குமா?

தாங்காது. 123 கோடியே 45 இலட்சத்து 67,890 என்பதை 123,45,67,890 என்று காட்டும். இடம் போதாத இலக்கங்கள் எல்லாம் இடது ஓரத்தில் உள்ள `##` இல் நெருக்கிக்கொண்டு நிற்கும். எண் தப்பில்லை, ஆனால் 1,23,45,67,890 என்று வர வேண்டும். சங்கக் கணக்குகளில் இந்த அளவு வராது. வீதி, கட்டட ஒப்பந்தத் தாள்களில் வரலாம். அப்போது மேலே சொன்ன `Conditional Formatting` இல் இன்னொரு விதி சேர்த்து, 1000000000 உம் அதற்கு மேலும் என்று வைத்து, கோட்டில் ஒரு `##\,` கூட்டிவிடுங்கள்.

முன்னால் "ரூ." வர வேண்டும். கோட்டில் சேர்த்தால் எக்செல் ஏற்க மறுக்கிறது.

மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், மூன்று துண்டிலும் தனித்தனியாக, நிபந்தனைக்குப் பிறகு:

```
[>=10000000]"ரூ. "##\,##\,##\,##0.00;[>=100000]"ரூ. "##\,##\,##0.00;"ரூ. "##,##0.00
```

அப்படிப் போட்டும் மறுத்தால் மேற்கோள் குறியைப் பாருங்கள். கோட்டை வேர்டில் எழுதி ஒட்டினாலோ, ஃபோனில் இருந்து அனுப்பியதை ஒட்டினாலோ, நேரான குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். வளைந்த குறியை எக்செல் மேற்கோளாக எடுப்பதில்லை. அந்தக் குறிகளை மட்டும் அழித்து விசைப்பலகையில் திரும்ப அடித்தால் ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் சங்கத்தில் லிப்ரே ஆபிஸ்தான். அதற்கும் இதே கோட்டா?

இதே கோட் அங்கேயும் வேலை செய்யும். ஆனால் லிப்ரே ஆபிஸில் இதைவிட எளிதான வழி இருக்கிறது. செல்களைத் தெரிவு செய்து `Ctrl+1` அழுத்தினால் வரும் `Numbers` பக்கத்தில் `Language` என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் `English (India)` ஐத் தெரிவு செய்துவிட்டு, கோட்டை வெறும் `#,##0.00` என்று விடுங்கள். அந்த செல்லுக்கு மட்டும் இந்தியப் பிரிப்பு வந்துவிடும். கழித்தல், நூறு கோடி எல்லாம் சேர்த்து ஒழுங்காகவே வரும்.

இங்கே நம்மவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. லிப்ரே ஆபிஸ் இலட்சப் பிரிப்பை மொழியை வைத்துத் தீர்மானிப்பதில்லை, நாட்டை வைத்துத் தீர்மானிக்கிறது. இந்தியாவும் பூட்டானும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, இலங்கை இல்லை. அதனால் இலங்கை என்று நாடு குறித்த மொழியைத் தெரிவு செய்தால், நாம் பேச்சில் இலட்சம் கோடி சொன்னாலும், திரையில் மூன்று மூன்றாகத்தான் வரும். பெயரில் இந்தியா இருக்கிறதா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

கோப்பை எக்செல் பாவிக்கும் ஒருவருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் மொழி வழியை விட்டுவிட்டு நீளமான கோட்டையே போடுங்கள். அதன் கமா யாருடைய அமைப்பையும் கேட்காது.

கூகுள் ஷீட்ஸில்?

`Format`, `Number`, `Custom number format` என்று போய் அதே நீளமான கோட்டை ஒட்டுங்கள். கணினியில் ஒருமுறை போட்டுவிட்டால், பிறகு ஃபோனில் திறந்தாலும் அப்படியே தெரியும்.

கழித்தல் தொகைக்கு மட்டும் அங்கே சிக்கல் உண்டு. கூகுள் ஷீட்ஸின் நிபந்தனை வடிவமைப்பு நிறத்தையும் எழுத்தையும் மாற்றும், எண் ஃபார்மட்டைத் தொடாது. அதனால் எக்செல்லில் செய்த வேலை இங்கே எடுபடாது. இதற்கு நான் சொல்வது, வரவையும் செலவையும் தனித்தனி நிரலில் நேர்த் தொகையாக எழுதுங்கள் என்பதே. பேரேட்டில் எப்போதும் அப்படித்தான் எழுதுகிறோம். மீதி காட்டும் ஒரு நிரலில் மட்டும் கழித்தல் வரலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அங்கத்தவர்களுக்குக் கடன் நிலுவைக் கடிதம் அனுப்புகிறோம். எக்செல்லில் 3,75,000.00 என்று அழகாக இருக்கும் தொகை வேர்ட் கடிதத்தில் 375000 என்று வருகிறது.

வேர்டின் கடித இணைப்பு எக்செல்லில் இருந்து எண்ணை மட்டும் எடுக்கும், ஃபார்மட்டை எடுக்காது. வேர்டுக்குள்ளேயே ஃபார்மட் கொடுக்கலாம், ஆனால் அதுவும் கணினியின் வழக்கத்தையே கேட்கும், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். ஆகவே எக்செல்லில் பக்கத்து நிரல் ஒன்றில் தொகையை எழுத்தாக மாற்றி வையுங்கள்:

```
=TEXT(B2,"[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00")
```

நிரலுக்குக் "கடிதத் தொகை" என்று பெயர் கொடுத்து, வேர்டில் அந்தப் புலத்தை இணையுங்கள். கமாக்களோடு அப்படியே வரும். பற்றுச்சீட்டில் "திரு. இன்னாரிடமிருந்து ரூ. 3,75,000.00 பெறப்பட்டது" என்று ஒரே செல்லில் வசனமாகச் சேர்ப்பதற்கும் இதே ஃபார்முலாவை `&` போட்டு இணைக்கலாம்.

இந்த நிரலைக் கூட்டலுக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். `TEXT` தருவது எண் இல்லை, எழுத்து. `SUM` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது, முழு நிரலுக்கும் விடை 0 என்று நிற்கும். தொகை செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து என்று சந்தேகியுங்கள், எண் என்றால் வலப்பக்கம் ஒட்டும். மூல நிரலை எண்ணாகவே வைத்துக்கொண்டு கூட்டல் எல்லாம் அதிலேயே செய்யுங்கள்.

கூட்டத்தில் காட்டும் அறிக்கைக்கு முழு எண் வேண்டாம், "12.35 இலட்சம்" என்று வந்தால் போதும். கோட்டால் முடியுமா?

எக்செல்லில் முடியும், கொஞ்சம் சுற்றி வர வேண்டும். கோட்டின் கடைசியில் ஒரு கமா வைத்தால் எண் ஆயிரத்தால் வகுபடும், இரண்டு வைத்தால் பத்து இலட்சத்தால். மில்லியனுக்கு அது நேராகப் பொருந்தும். இலட்சத்தால் வகுக்க ஒரு குறி இல்லை. ஆனால் ஆயிரத்தால் வகுத்துவிட்டு, கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளியை வெறும் எழுத்தாகச் செருகினால் கண்ணுக்கு இலட்சமாகிவிடும்:

```
0\.00," இலட்சம்"
```

1234567 ஆயிரத்தால் வகுபட்டு 1235 ஆகிறது. நடுவில் புள்ளி விழுந்து 12.35 இலட்சம் என்று தெரிகிறது. 45000 என்பது 0.45 இலட்சம். செல்லுக்குள் முழு எண்ணே இருப்பதால் கூட்டலுக்கு ஒன்றும் ஆகாது. தசம இடங்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். `0\.0,` என்று ஒரு பூச்சியத்தை எடுத்தால் 1235 என்பது 123.5 ஆகி, பன்னிரண்டு இலட்சம் நூற்று இருபத்து மூன்று இலட்சமாகிவிடும். இந்தக் கோட்டில் புள்ளி உண்மையான தசமப் புள்ளி இல்லை என்பதால் அதை எக்செல் காப்பாற்றாது. அறிக்கையை அச்சிடுவதற்கு முன் ஒரு தொகையையாவது ஃபார்முலா பட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வங்கிக்கும் கணக்காய்வாளருக்கும் கொடுக்கும் தாளையும் இலட்சப் பிரிப்பிலேயே கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இலங்கையில் வங்கிக் கூற்றுகளும் நிதி அறிக்கைகளும் மூன்று மூன்றாகப் பிரித்தே வருகின்றன. அவர்கள் கூற்றையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும்போது 20,337,750.00 உம் 2,03,37,750.00 உம் ஒரே தொகை என்று ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வைக்கக் கூடாது.

ஒரே கோப்பில் இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் கணக்கு, நீளமான கோட்டோடு. இரண்டாவது தாளில் `=Sheet1!B2` என்று தொகைகளை இழுத்து, வெறும் `#,##0.00`. உள்ளே இருப்பது அதே எண் என்பதால் ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும். விண்டோஸின் பிரிப்பை நீங்கள் மாற்றி வைத்திருந்தால் இந்த இரண்டாவது தாளும் உங்கள் திரையில் இலட்சமாகத்தான் தெரியும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் `Digit grouping` ஐப் பழைய `123,456,789` க்கு மாற்றிவிட்டு ஆக்குங்கள், ஏனென்றால் பிடிஎஃப் இல் திரையில் தெரிந்ததே நிலைத்துவிடும்.